அவர் விடவில்லை, நான் விட்டேன்

சிகரெட்டை நிறுத்துவதற்கு வழக்கமாகச் சொல்லும் யோசனைகள் தனி ஆளுக்கானவை. பாக்கெட்டைத் தூக்கி எறியுங்கள், லைட்டரைக் கண்ணில் படாமல் வையுங்கள், புகைக்கும் நண்பர்களைக் கொஞ்ச நாள் தவிருங்கள் என்பார்கள். பாக்கெட்டும் லைட்டரும் கணவருடையவை, தவிர்க்க வேண்டிய நண்பரும் அவரேதான் என்றால் என்ன செய்வது?

சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். இருவரும் புகைத்தவர்கள். மனைவிக்கு 35 வயது, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாதவிடாய்ச் சிக்கலுக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 35 வயதுக்கு மேல் சிகரெட்டையும் அந்த வகை மாத்திரையையும் சேர்த்து வைத்துக்கொள்ளக் கூடாது, ரத்தம் உறைந்து மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து கூடும் என்று மகப்பேறு மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் நிறுத்த முடிவு செய்தார். கணவர், "நீ விடும்மா, நல்லதுதான். என்னை இப்போ கேக்காத" என்றார்.

இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் சுமார் 2 சதவீதம்தான் என்கிறது 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு. நகரத்துப் படித்த வீடுகளில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் ரகசியம். இவருடைய மாமியாருக்குத் தெரியாது, அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பெட்டிக்கடையில் போய் நின்று கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் அவர் ஒருநாளும் தானே வாங்கியதில்லை. கணவர் வாங்கி வரும் பாக்கெட்டிலிருந்துதான் எடுப்பார். பள்ளி வேன் கிளம்பியதும் காபியோடு ஒன்று, அலுவலகத்துக்குப் புறப்படும் முன் ஒன்று, மாலை வந்ததும் இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. எல்லாமே பால்கனியில், கணவரோடு.

அதாவது, புகைக்கும் இடம், நேரம், துணை, சப்ளை நான்கும் ஒரே வீட்டுக்குள். ஆண்கள் பலருக்கு டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ் மாடி என்று பழக்கம் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். இவருக்கு ஒரே பால்கனி. இதில் ஒரு கெடுதலும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சோதனை என்பது கெடுதல். சரிசெய்ய வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்பது வசதி.

அலுவலக நாட்களில் ஒன்பது மணி நேரம் சிகரெட் நினைப்பே இல்லாமல் இருக்க அவரால் முடிந்தது. மாலை லிப்ட் மூன்றாவது மாடியில் நிற்கும்போது நாக்கு ஊறும். நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம் போதும். உடம்பின் பற்றாக்குறை மட்டும்தான் காரணம் என்றால் மதியச் சாப்பாட்டு வேளையிலேயே அவர் தவித்திருக்க வேண்டும். புகையை இழுத்தால் பத்து, இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அந்த வேகத்தால் அப்போது சுற்றி இருப்பதெல்லாம் மூளையில் சேர்ந்தே பதிகிறது: பால்கனிக் கதவின் சத்தம், காபி மணம், லைட்டர் 'க்ளிக்', அந்த நேரத்துக்கு எதிரே உட்காரும் மனிதர். உடம்பின் தவிப்பு இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பழகிய சூழல் கிளப்பும் ஆசை மாதக்கணக்கில் கழித்தும் தலைகாட்டும். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் இருக்கும் என்றாலும், எதிரே ஒருவர் பற்றவைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சில நிமிடங்கள் லேசில் கழியாது.

நிறுத்துவதற்கு முதல் வாரம் கணவரிடம் என்ன கேட்பது என்று அவர் யோசித்தார். "நீயும் விட்டுடு" என்று கேட்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்கு நியாயமும் உண்டு. இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய தம்பதிகளைப் பல ஆண்டு கவனித்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கணவரும் அதே காலத்தில் நிறுத்திய வீடுகளில் புகைக்கும் பெண்களில் சுமார் பாதிப் பேர் நிறுத்தியிருந்தார்கள். கணவர் தொடர்ந்து புகைத்த வீடுகளில் அது 8 சதவீதம்தான். சேர்ந்து நிறுத்த முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் மனதில்லாத ஒருவரை இழுத்துப்பிடித்துச் சேர்த்தால் அவர் மூன்றாம் நாள் ஒளித்துக் குடிப்பார், ஐந்தாம் நாள் இருவரும் சேர்ந்து பால்கனியில் நிற்பார்கள். இதைப் பல வீடுகளில் பார்த்தாகிவிட்டது.

இரண்டாவதாகத் தோன்றுவது, "எனக்கு ஆதரவா இரு" என்பது. இதுவும் பெரிதாக உதவாது. புகைப்பவரின் துணைக்கு எப்படி ஆதரவு தருவது என்று பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழுமம் தொகுத்துப் பார்த்தது. அந்தப் பயிற்சியால் நிறுத்துபவர்களின் எண்ணிக்கை கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 'ஆதரவு' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கணவருக்கும் தெரியாது. தெரிந்த ஒன்றை, அதாவது "இன்னிக்கு அடிக்கலையே?" என்று விசாரிப்பதை, அவர் செய்வார். அந்தக் கேள்வியே சிகரெட்டை நினைவூட்டும்.

இவர் கேட்டவை மூன்றே மூன்று. பாக்கெட் வீட்டுக்குள் வரக் கூடாது. புகைப்பது வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் கிடையாது. நான் கேட்டாலும், கெஞ்சினாலும், கத்தினாலும் எனக்குக் கொடுக்கக் கூடாது. கணவர் முதல் இரண்டுக்குக் கொஞ்சம் முகம் சுளித்தார். மூன்றாவதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு பிரச்சினை வந்தது அந்த மூன்றாவதில்தான்.

பாக்கெட் இருக்க வேண்டிய இடம் எது என்பதில் முதலில் ஒரு தவறு நடந்தது. கணவர் அதைத் தன் அலமாரியில், சட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். ஒளித்து வைத்த பொருள் கண்ணுக்கு எதிரே இருப்பதைவிட அதிகம் தொந்தரவு செய்யும். துணி மடித்து வைக்கும்போதெல்லாம் கை அந்தப் பக்கமே போனது என்றார் அவர். இரண்டே நாளில் அதை ஸ்கூட்டர் டிக்கிக்கு மாற்றினார்கள். சாவி கணவரிடம். மூன்று மாடி இறங்க வேண்டும், சாவி கேட்க வேண்டும், வாட்ச்மேன் முன்னால் டிக்கியைத் திறக்க வேண்டும். ஆசை உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்கள் இவ்வளவு வேலைக்குப் போதாது.

பால்கனியில் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்று புகைத்தாலும் புகை இடுக்கு வழியாகக் கூடத்துக்கு வரும், திரைச்சீலையிலும் மெத்தையிலும் படியும். வீட்டில் எட்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. நிறுத்துவதற்கு முந்தின நாள் திரைச்சீலைகளைத் துவைத்து, பால்கனி நாற்காலிகள் இரண்டையும் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டை வைத்தார்கள். உட்கார இடமில்லாத பால்கனி பழைய பால்கனி இல்லை. கணவர் கீழே போய்ப் புகைத்துவிட்டு வந்ததும் கைகழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை மாற்றிக்கொள்வார். முதல் வாரம் அந்த மணம் ஆசையைக் கிளப்பியது. நிறுத்திய சில நாட்களில் மூக்கு கூர்மையாகிவிடும். இரண்டாம் வாரத்தில் அதே மணம் பாதி ஆசையாகவும் பாதி குமட்டலாகவும் இருந்ததாம்.

எரிச்சல்தான் அடுத்தது. கணவன் மனைவிக்குள் பெரும்பாலான முயற்சிகள் உடைவது இங்கேதான், அதனால் இதைச் சற்று நின்று பார்க்கலாம்.

நான்காம் நாள் காலை. கணவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். தினமும் போடுவதுதான். அன்று அவர் கத்திய கத்தலில் குழந்தை அழுதது. மாமியார் வீட்டில் இருந்த வாரம் வேறு. ஏன் இப்படிச் சிடுசிடுக்கிறாள் என்று அவருக்குக் காரணம் சொல்லவும் முடியாது. நிகோடின் இல்லாமல் வரும் எரிச்சல் உண்மையான உடல் அறிகுறி. கோபம், பதற்றம், கவனம் சிதறுவது, அடிக்கடி பசிப்பது, தூக்கம் கலைவது எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். இதற்கு நிகோடின் சூயிங்கம் நன்றாகவே உதவும். இவருக்கு நாளின் முதல் சிகரெட் எழுந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் என்பதால் மருத்துவர் 2 மில்லிகிராம் கம் போதும் என்றார். எழுந்த அரை மணிக்குள் புகைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் சொல்வது வழக்கம்.

கம்மைச் சரியாக மெல்லத் தெரியாமல் "எனக்குக் கேக்கல" என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகுக் காரம் போல நாக்கில் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி இரண்டு மெல்லு, மறுபடி ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். காபியும் பழச்சாறும் புளிப்புத்தன்மை உடையவை என்பதால் அதைத் தடுக்கும். அவற்றைக் குடித்து கால் மணி நேரம் கழித்தே கம் போட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் முதல் மூன்று நாள் காபியும் கம்மும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தன.

இன்னொரு எரிச்சல் காபியால் வருவது. இதைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். சிகரெட் புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள், காபியின் காஃபினை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் காஃபின் வேகமாகக் கரையும். புகையை நிறுத்திய சில நாட்களில் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். அதே மூன்று தம்ளர் பில்டர் காபி இப்போது ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபினாக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி ஒரு மணிக்கும் விழித்திருப்பது எல்லாவற்றையும் 'சிகரெட் இல்லாததால்' என்றே நினைத்துக்கொள்வோம். இவர் காபியைப் பாதியாகக் குறைத்து, மாலை நாலு மணிக்கு மேல் நிறுத்தியதும் நான்கு நாளில் தூக்கம் வந்துவிட்டது. கம்மின் நிகோடின் இந்த நொதியைத் தொடுவதில்லை, அதனால் கம் போடுபவர்களும் காபியைக் குறைத்தாக வேண்டும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் சாப்பிடுபவர்களும், மனநலத்துக்குக் குளோசபின், ஓலன்சபின் போன்றவை எடுப்பவர்களும் இதே காரணத்தால் நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது எரிச்சல் நிஜமானது. ஈரத் துண்டு சிகரெட்டுக்கு முன்பும் கட்டிலில்தான் கிடந்தது. முன்பெல்லாம் கோபம் வரும்போது பால்கனிக்குப் போய் ஒன்று பற்றவைத்துவிட்டு வந்தால் பேச்சே எடுக்காமல் நாள் ஓடிவிடும். இப்போது ஓடவில்லை. எது எந்த எரிச்சல் என்று பிரிக்க இவர் ஒரு வழி வைத்திருந்தார். கம் போட்டு இருபது நிமிடத்தில் தணிந்தால் அது நிகோடின். காபி குடித்த ஒரு மணிக்குள் நெஞ்சு படபடத்தால் அது காபி. மறுநாள் நிதானமாக இருக்கும்போது யோசித்தாலும் அதே கோபம் வந்தால் அது கணவர் சம்பந்தப்பட்டது, உட்கார்ந்து பேச வேண்டியது. நாலு வாரம் தாண்டியும் மனசு சோர்ந்தே கிடந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வழுக்கினார். ஞாயிறு என்றால் நாள் முழுக்க வீடு. ஊரிலிருந்து யார் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குவார்கள் என்பதில் தொடங்கிய பேச்சு சண்டையானது. கணவர் கீழே போனார், வந்தார், ஒரு சிகரெட்டை நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு அடிச்சுட்டு வா. அப்புறம் பேசலாம்." அவர் வாங்கிக்கொண்டார்.

கணவரைத் திட்டுவது சுலபம். அவர் நினைத்தது சமாதானம். பல வருடமாக அந்த வீட்டில் சண்டை முடிந்த முறையே அதுதான், இருவரும் ஆளுக்கொன்று பற்றவைப்பது. மூன்று வாரமாகச் சிடுசிடுத்துக்கொண்டிருந்த மனைவி பழையபடி ஆகிவிட்டால் தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கும். புகைக்கும் துணை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை, எரிச்சலைத் தாங்கமுடியாமல்தான் கொடுக்கிறார். மறுநாள் மாலை மனைவி தானாகவே கேட்டார், அவரும் கொடுத்தார். ஒரு சிகரெட்டால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. "அதான் அடிச்சாச்சே, இனி என்ன" என்ற நினைப்புத்தான் அடுத்ததை வாங்கவைக்கும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு இருவரும் பேசினார்கள். நடந்ததைப் பின்னோக்கிப் பார்த்தபோது, கம் காலையிலிருந்தே போடவில்லை, மதியம் இரண்டு காபி ஆகியிருந்தது, சண்டை ஆரம்பித்தது சாப்பாட்டுக்குப் பிறகு, அதாவது பழைய பால்கனி நேரத்தில். மூன்றையும் மாற்ற முடியும். ஞாயிற்றுக்கிழமை கம் நேரத்தை போனில் அலாரமாக வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பணம், உறவு, ஊர் பற்றிப் பேச்சில்லை என்று ஒப்பந்தம். மூன்றாவது நிபந்தனைக்குக் கணவர் வாயில் சொல்லவேண்டிய வார்த்தையையும் முடிவு செய்தார்கள். கேட்டால் "முடியாது" என்றோ "உனக்கு நல்லதுக்குத்தான்" என்றோ சொல்லக் கூடாது, இரண்டும் சண்டையைத்தான் வளர்க்கும். "கீழ ஒரு ரவுண்டு நடக்கலாம் வா" என்று மட்டும் சொல்ல வேண்டும். நடக்கும்போது அவரும் புகைக்கக் கூடாது.

எல்லாம் சரியான பிறகும் ஒன்று குறைந்தது. பால்கனியில் அவர்கள் வெறுமனே புகைக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில், நாளுக்கு நாலைந்து முறை, பத்துப் பத்து நிமிடம். அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள், ஈஎம்ஐ எப்போது, நாளைக்கு யார் பால் வாங்குவது எல்லாம் அங்கேதான். சிகரெட்டை விட்டபோது மனைவிக்கு அந்தப் பத்து நிமிடமும் போயிற்று. கணவர் கீழே தனியாக நின்று புகைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே மேலே வருவார். "சிகரெட்டைவிட அதுதான்ப்பா எனக்குத் தாங்கல" என்று மனைவி அவரிடம் சொன்னார். கணவருக்கும் அதே குறை இருந்திருக்கிறது. தன்னை ஒதுக்கிவைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு எளிமையானது. பேச்சு முதலில், சிகரெட் பிறகு. மாலை வந்ததும் இருவரும் சமையலறையில் நின்று பத்து நிமிடம் பேசிக்கொண்டே காய் நறுக்குவார்கள், கணவர் கீழே போவது அதற்கப்புறம். வரிசை முக்கியம். புகைத்துவிட்டு வந்து பேசினால் அவர் மேல் மணம் இருக்கும், இவருக்குக் கவனம் அதிலேயே போகும். சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடி. பழைய நாற்காலிகள் அங்கேதான் கிடந்தன. முதல் இரண்டு மாதம் அவற்றில் உட்காராமல் நடந்தார்கள். காலைக் காபியைப் பால்கனியிலிருந்து சமையல் மேடைக்கு மாற்றினார்கள், அளவு பாதி. எல்லாவற்றையும் மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துணை அதே, நேரம் அதே, பேச்சும் அதே. இடமும் கையில் இருப்பதும் மட்டும் மாறின.

இப்போது அவர் புகைப்பதை நிறுத்தி ஒரு வருடம் தாண்டிவிட்டது. கம் மூன்று மாதத்தில் நின்றது. கணவர் இன்னும் புகைக்கிறார். மூன்று மாடி இறங்கி ஏறுவதில் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். "எப்போ விடப்போற?" என்று மனைவி கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் பிரமிங்காம் ஊர் மக்களை முப்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியிலிருந்து 2008இல் வெளியான கணக்கில், கணவனோ மனைவியோ நிறுத்தினால் மற்றவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்திருந்தது. நண்பர்கள், உடன்பிறந்தவர்கள், உடன் வேலை செய்பவர்கள் எவரின் தாக்கமும் இவ்வளவு இல்லை. நச்சரித்து அடைய முயல்வதை, கேட்காமலே அடையும் வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

நீங்கள் மட்டும் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், துணையிடம் பேச வேண்டியதை நிறுத்துவதற்கு முந்தின வாரமே பேசிவிடுங்கள். நான்காம் நாள் பேச ஆரம்பித்தால் அது பேச்சாக இருக்காது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத பெண்கள் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசகரோடு தமிழிலேயே பேசலாம், முகம் காட்ட வேண்டியதில்லை. எண்ணைக் குறித்துவைக்க மறந்தாலும் பரவாயில்லை, உங்கள் துணை வாங்கும் சிகரெட் பாக்கெட்டிலேயே அது அச்சாகி இருக்கிறது.